தர்ப்பூசணியும் கூல்டிரிங்ஸ் பிரிட்ஜும்: கதைக்குள் வரும் வாய்ப்புச் செலவு

கேள்வி: பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். மளிகைக் கடைக்காரர் மகள், பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் தேர்வுக்கு முந்தின இரவு தம்பிக்கு வாய்ப்புச் செலவை விளக்குகிறாள். கடை வாசலில் நாலடி இடம். அங்கே தர்ப்பூசணி போட்டால் பிரிட்ஜில் விற்கும் 1,500 ரூபாயும் போச்சு, பூக்காரம்மா தரும் வாடகை 200 ரூபாயும் போச்சு, ஆகவே வாய்ப்புச் செலவு 1,700 ரூபாய் என்கிறாள். பொருளியல் ஆசிரியர் படித்துவிட்டு, கதை சரி, கணக்கு தப்பு என்கிறார். எங்கே தப்பு, எப்படித் திருத்துவது?

பதில்: ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிடும் வாய்ப்புகளில் மிகச் சிறந்தது எதுவோ, அதன் மதிப்புதான் வாய்ப்புச் செலவு. அதை வைத்துப் பார்த்தால் தப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. கூட்டக் கூடாததைக் கூட்டியிருக்கிறாள். அதோடு, லாபம் வர வேண்டிய இடத்தில் விற்பனைத் தொகையை வைத்திருக்கிறாள். இரண்டாவதை முதலில் பார்த்துவிடலாம், அது சின்ன வேலை.

பிரிட்ஜில் நாளொன்றுக்கு 1,500 ரூபாய்க்கு விற்றாலும் அதில் பெரும்பகுதி பாட்டில்களின் கொள்முதல் விலை. அது 1,200 ரூபாய், மின்சாரம் 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கடைக்காரர் கையில் நிற்பது 260. தர்ப்பூசணி போடுவதால் அவர் இழப்பது இந்த 260 ரூபாயைத்தான். மீதி 1,240 ரூபாய் பிரிட்ஜ் இல்லாத நாளில் செலவாகவே ஆகாது. தர்ப்பூசணிக்கும் இப்படியே கணக்குப் போட வேண்டும். 100 கிலோவை 12 ரூபாய்க்கு வாங்கினால் 1,200, லோடு ஆட்டோவுக்கு 150. உடைந்ததும் அழுகியதும் 10 கிலோ போக, 90 கிலோ 20 ரூபாய்க்கு விற்றால் 1,800. நிற்பது 450. பூக்காரம்மாவின் 200 ரூபாய்க்குக் கழிக்க எதுவும் இல்லை, முழுசாக வரும்.

இனி முக்கியமான தப்புக்கு வருவோம். லாபமாகவே எடுத்துக்கொண்டு, பழைய பழக்கத்தில் 260-ஐயும் 200-ஐயும் கூட்டிப் பாருங்கள். 460 வருகிறது. பழத்தில் கிடைப்பது 450 என்பதால் பழம் போடுவது நட்டம் என்று தோன்றும். சரி, பிரிட்ஜையே வைக்கலாம் என்றால், விட்டது 450-ம் 200-ம் சேர்ந்து 650, கிடைப்பது 260, அதுவும் நட்டம். பூக்காரம்மாவுக்கு விட்டால் இன்னும் மோசம். மூன்றில் எதைத் தொட்டாலும் நட்டம் என்று ஒரு கணக்கு சொன்னால், கோளாறு கடையில் இல்லை, கணக்கில்தான் இருக்கிறது. பழம் போடாத நாளில் அந்த நாலடியில் பிரிட்ஜும் பூக்கூடையும் ஒன்றாக இருக்கப்போவதில்லை. ஏதோ ஒன்றுதான் இருக்கும், அதுவும் கூடுதலாகத் தருவதுதான் இருக்கும். ஆகவே வாய்ப்புச் செலவு நாளொன்றுக்கு 260 ரூபாய். பழம் 450 தருவதால், பழமே 190 ரூபாய் மேல்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அது உங்கள் கதையில் ஒரு சொல்லில் தொங்குகிறது. இடம் எட்டடியாக இருந்து, பிரிட்ஜும் பூக்காரம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க முடியும், பழக் குவியலோ முழு இடத்தையும் அடைத்துக்கொள்ளும் என்றால், விட்ட வாய்ப்பு அந்த இரண்டும் சேர்ந்த 460-தான். அப்போது கூட்டுவது சரி, பழம் போடுவது தப்பு. எனவே நாலடி என்பதைக் கதையில் அழுத்திச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் சறுக்கியது உங்கள் கதாநாயகி மட்டுமல்ல. 2005-ல் அமெரிக்கப் பொருளாதார சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்திருந்த 199 பேரிடம் ஃபெராரோ, டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு கச்சேரிக்கு இலவச டிக்கெட் கிடைக்கிறது, அதை விற்க முடியாது. அதே இரவில் இன்னொரு கச்சேரி, டிக்கெட் 40 டாலர், அதற்கு நீங்கள் 50 டாலர் வரை கொடுப்பீர்கள். இலவசக் கச்சேரிக்குப் போவதன் வாய்ப்புச் செலவு 0, 10, 40, 50 இவற்றில் எது? ஆய்வாளர்கள் சரி என்று கொண்டது 10. 50 மதிப்புள்ளதை 40 கொடுத்து வாங்கியிருப்பீர்கள், இழந்தது மிச்சத்தைத்தான். அதைச் சொன்னவர்கள் 21.6 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தாலே நாலில் ஒரு பங்கு சரியாக வந்திருக்கும். வரையறையை வேறு விதமாக எடுத்தால் மற்ற விடைகளுக்கும் வாதாடலாம் என்று பின்னால் மறுப்பும் வந்தது. பள்ளித் தேர்வுக்கு அந்த வாதம் வேண்டாம். கடையானாலும் கச்சேரியானாலும் மிச்சத்தோடு மிச்சத்தை ஒப்பிட்டால் போதும்.

கதையைத் திருத்தும்போது தப்பை அக்கா வாயிலிருந்து எடுத்துத் தம்பி வாயில் வையுங்கள். அவள் விளக்கம் சொல்ல வேண்டாம், கேள்வி கேட்கட்டும். அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் அவன் 460 என்று எழுதி முடித்த பிறகு இப்படிப் போகலாம்:

“பழம் போடலன்னா அந்த இடத்துல என்னடா இருக்கும்?”

“பிரிட்ஜ் இருக்கும். இல்லன்னா பூக்காரம்மா உக்காருவாங்க.”

“ரெண்டும் சேர்ந்தா?”

“எப்படிக்கா? நாலடிதானே இருக்கு.”

“அப்புறம் ஏன் ரெண்டையும் கூட்டின?”

அவன் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தான். 200-ஐ அடித்தான். “260.”

“பூக்காரம்மா காசு எங்க போச்சு?”

“அது எப்படியும் வராதுக்கா. பழம் இல்லன்னா அப்பா பிரிட்ஜைத்தானே வைப்பாரு.”

இந்தக் கடைசி வரி அவன் வாயிலிருந்து வர வேண்டும். வந்துவிட்டால் அவனுக்குப் புரிந்துவிட்டது என்று படிப்பவருக்கே தெரியும்.

அப்பாவுக்கும் ஒரு வசனம் கொடுக்கலாம். ‘பதினெட்டாயிரம் போட்டு வாங்கின பிரிட்ஜ் சும்மா நிக்குதே’ என்று அவர் முனகட்டும். எந்தக் கடையிலும் கேட்கக்கூடிய பேச்சு, தேர்விலும் மாணவர்களை இழுத்துவிடும் பள்ளம். அந்த 18,000 போன வருடமே போய்விட்டது. பழம் போட்டாலும் போடாவிட்டாலும் திரும்பி வராது, எனவே வாய்ப்புச் செலவில் அதற்கு இடமில்லை. ஆனால் இன்று அதைப் பழைய சாமானாக 9,000 ரூபாய்க்குக் கேட்க ஆள் இருந்தால், விற்காமல் வைத்திருப்பதால் விடுவது அந்த 9,000. மகள் அப்பாவிடம் வாதாடத் தேவையில்லை. ‘இப்ப வித்தா எவ்வளவுப்பா தருவாங்க?’ என்று மட்டும் கேட்டால் போதும்.

மறுநாள் தேர்வில் தம்பி எழுதும் விடையைக் காட்டுவதாக இருந்தால் மூன்று வரிக்கு மேல் போகாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடும் மற்ற வாய்ப்புகளில் மிகச் சிறந்ததன் மதிப்பே வாய்ப்புச் செலவு என்று ஒரு வரி. வாசல் இடத்துக்கு இருந்த வழிகளும் ஒவ்வொன்றின் லாபமும் அடுத்த வரி. ‘தர்ப்பூசணி வைப்பதன் வாய்ப்புச் செலவு நாளொன்றுக்கு 260 ரூபாய்’ என்பது மூன்றாவது. ‘நாளொன்றுக்கு’ என்பதை அவன் முதலில் விட்டுவிட்டு, பேப்பரைக் கொடுக்கப் போகும்போது ஞாபகம் வந்து இடுக்கில் எழுதுவதாக வைத்தால் நம்பும்படி இருக்கும்.