ராணிப்பேட்டை டிரம்மின் ஒரு படம்: எது புல்லி, எது கியர், பேரிங் எங்கே

வேலூர், பாலிடெக்னிக் மாணவர்: ஐயா, ராணிப்பேட்டையில் ஒரு பழைய டேனரியில் தோல் பதனிடும் டிரம்மின் பாதுகாப்பு உறையைக் கழற்றியிருந்தபோது எடுத்த படம் இது. மோட்டார் தகட்டில் 1440 சுற்று, கியர்பாக்ஸ் தகட்டில் 5:1 என்று இருந்தது. புல்லிகளை அளந்தேன்: சிறியது 6 அங்குலம், பெரியது 18 அங்குலம். மற்றபடி எது எதற்கு என்று விளங்கவில்லை. பேரிங் கண்ணிலேயே படவில்லை.

பதில்: மோட்டாரிலிருந்து தொடங்கி, சுழற்சி எந்த வழியாக டிரம்முக்குப் போகிறது என்று படத்தின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே போங்கள்; வழி தெரிந்துவிட்டால் பாகங்களின் பெயரும் வேலையும் தாமாகவே விளங்கும். மோட்டார் ஷாஃப்டின் நுனியில் மூன்று பள்ளங்களோடு இருப்பது சிறிய புல்லி. அதிலிருந்து மூன்று வி பெல்ட்டுகள் கியர்பாக்ஸின் மேலுள்ள பெரிய புல்லிக்குப் போகின்றன. விட்டம் மூன்று மடங்கு என்பதால் 1440 சுற்று இங்கே 480 ஆகிறது. கியர்பாக்ஸ் அதை ஐந்தில் ஒரு பங்காக்கி 96 சுற்றாக வெளியே விடுகிறது. அந்த ஷாஃப்டின் மறுமுனையில் கிரீஸ் பூசிக் கறுத்திருக்கும் சிறிய பல்சக்கரம்தான் பினியன். டிரம்மின் விளிம்பைச் சுற்றித் துண்டு துண்டாக வார்த்து, போல்ட் போட்டு இணைத்திருப்பது பெரிய வளைய கியர். படத்தில் பாதி வளையமே தெரிகிறது. அதில் நான்கு துண்டுகள், துண்டுக்கு 18 பல் என எண்ண முடிகிறது. ஆகவே முழு வளையத்தில் 144 பல். பினியனிலும் 18 பல் இருப்பதால் எட்டில் ஒரு பங்கு. டிரம் நிமிடத்துக்கு 12 சுற்று சுற்றும். தோல் பதனிடும் டிரம்முக்கு இது பொருத்தமான வேகம்தான் என்பதால், எண்ணியதில் பெரிய பிழை இல்லை என்றும் கொள்ளலாம். சுண்ணாம்பு ஊறலுக்கான டிரம் இதைவிட மிக மெதுவாகச் சுற்றும்.

வேகமான பக்கத்தில் பெல்ட்டையும் மெதுவான பக்கத்தில் கியரையும் வைத்திருப்பதைக் கவனியுங்கள். சுற்று குறையக் குறைய முறுக்கு விசை கூடிக்கொண்டே போகும். டிரம்முக்கு அருகே வரும் முறுக்கைப் பெல்ட் தாங்காமல் வழுக்கிவிடும், பல்லோடு பல் கோத்த கியர் தாங்கும். மோட்டார் பக்கம் முறுக்கு குறைவு என்பதால் அங்கே பெல்ட் போதும். தவிர, தோல் திடீரென்று சிக்கிக்கொண்டால் பெல்ட் சற்று வழுக்கி மோட்டாரையும் பல்லையும் காப்பாற்றும்.

பேரிங் கண்ணில் படாதது உங்கள் குறை அல்ல. பெரும்பாலான படங்களில் பேரிங் தெரியாது, அது குடியிருக்கும் வீடுதான் தெரியும். ஷாஃப்ட் எங்கெல்லாம் நிலையான ஓர் இரும்புக் கட்டைக்குள் நுழைகிறதோ அங்கெல்லாம் பேரிங் உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பினியன் ஷாஃப்டின் இரு பக்கமும் தரையில் போல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவை பிளம்மர் பிளாக்குகள். டிரம்மின் அச்சைத் தாங்கும் இரண்டு பெரிய கட்டைகள் அடுத்தவை. மோட்டாரின் இரு மூடிகளுக்குள்ளும் கியர்பாக்ஸுக்குள்ளும் இருப்பவை வெளியே தெரியாது. டிரம்மைத் தாங்கும் கட்டை, ஷாஃப்டின் நீளவாக்கில் நீண்டு சதுரமாக, தலையில் கிரீஸ் கப்போடு இருப்பதால் அதற்குள் கன்மெட்டல் புஷ் இருக்கும் என்றே நினைக்கிறேன். பினியன் பக்கத்தில் இருப்பது வயிறு உருண்டு, மேல் மூடி இரண்டாகப் பிரியும்படி இருக்கிறது. அதற்குள் ரோலர் அல்லது பால் பேரிங் இருக்கும்.

உறை கழற்றிய இடத்தில் நின்று படம் எடுத்ததைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பியூஸையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும்கூட, உள்ளே நனைந்த தோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் டிரம் தானாகவே திரும்பும். பினியனுக்கும் வளையத்துக்கும் நடுவே மின்சாரம் இல்லாமலே விரல் போகும்.

குடியாத்தம், விசைத்தறி வைத்திருப்பவர்: பல்லை எண்ணுவது வீண் வேலை. படத்தில் விட்டத்தை அளந்து வகுத்தாலே விகிதம் வந்துவிடும்.

பதில்: புல்லிக்கு நீங்கள் சொல்வது பொருந்தும், அதுவும் இரண்டு சக்கரங்களும் கேமராவிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருந்தால். சாய்வாக எடுத்த படத்தில் வட்டம் நீள்வட்டமாகத் தெரியும் என்பதால் அதன் நீண்ட அச்சை மட்டுமே அளக்க வேண்டும். கியருக்கு எண்ணுவதே சரி. இந்தப் படத்தில் பினியன் முன்னாலும் வளையம் சற்றுப் பின்னாலும் இருக்கிறது. விட்டத்தை அளந்து வகுத்துப் பார்த்தேன், எட்டு வரவில்லை, ஏழுக்குக் கீழே வந்தது. பல் எண்ணிக்கையைக் கேமராக் கோணம் மாற்றாது.

ஆம்பூர், பெயர் வேண்டாம்: பினியன் ஷாஃப்டில் உள்ள பேரிங்கின் நம்பர் என்ன? கடையில் கேட்க வேண்டும்.

பதில்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கட்டையின் மூடியில் 511 என்று வார்ப்பெழுத்து இருப்பது போலத் தெரிகிறது. அது எஸ்.என். 511 வகைக் கட்டையாக இருந்தால், சாதாரணமாக உள்ளே கூம்புச் சிலீவோடு 22211 அல்லது 1211 உட்காரும். ஷாஃப்ட் 50 மில்லிமீட்டர் இருக்கும். இரண்டில் எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. மூடியைத் திறந்து வளையத்தின் பக்கவாட்டில் பொறித்த எண்ணைத் துடைத்துப் படியுங்கள், அதற்குப் பிறகு கடைக்குப் போங்கள்.

ஆற்காடு: என் வீட்டு கிரைண்டர் பேரிங் நம்பரைப் படம் பார்த்துச் சொல்ல முடியுமா?

பதில்: முடியாது. மேலே ஆம்பூர்க்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

ஆரணி, அரிசி ஆலைக்காரர்: பெரிய புல்லிக்குப் பக்கத்தில், பெல்ட்டுக்குப் பின்னால் பாதி மறைந்து ஒரு வழவழப்பான சக்கரம் தெரிகிறதே, அதை யாரும் பேசவில்லை. அது ஜாக்கி புல்லி. எங்கள் ஆலையிலும் பெல்ட்டின் முதுகை அழுத்தித் தொய்வெடுக்க இப்படித்தான் வைத்திருக்கிறோம்.

வாணியம்பாடி, ஓய்வுபெற்ற பிட்டர்: அது ஜாக்கி இல்லை, பிரேக். இந்த ஊர் டிரம்மெல்லாம் எனக்குத் தெரியும். கதவு மேலே வந்து நிற்க வேண்டுமென்றால் பிரேக் இல்லாமல் முடியாது.

பதில்: இருவரும் சொல்வதற்கு இடம் இருக்கிறது, ஆகவே சற்று விரிவாகவே பார்க்கலாம். வி பெல்ட்டின் முதுகை வெளியிலிருந்து அழுத்தும் ஜாக்கியின் முகம் பள்ளமில்லாமல் தட்டையாகத்தான் இருக்கும். உள்பக்கத்திலிருந்து அழுத்துவதாக இருந்தால் பள்ளம் வேண்டும். எனவே வழவழப்பு ஆரணிக்காரருக்குச் சாதகமான சாட்சி. ஆனால் ஜாக்கி, பெல்ட்டின் தளர்ந்த பக்கத்தில்தான் நிற்க வேண்டும். டிரம்மை முன்னும் பின்னும் சுற்றவிடும் ஆலைகள் பல உண்டு. திசை மாறும்போது தளர்ந்த பக்கம் இறுகும், இறுகிய பக்கம் தளரும். அப்போது ஜாக்கி முழு இழுவையையும் முதுகில் வாங்கிக்கொண்டு பெல்ட்டைத் தின்றுவிடும். அரிசி ஆலை ஒரே திசையில் ஓடுவதால் உங்களுக்கு அந்தத் தொல்லை வராது. இந்தப் படத்தில் மோட்டாரின் கால்களுக்கு அடியில் நீள் துளைகளுள்ள தண்டவாளம் தெரிகிறது. பெல்ட்டை இறுக்க மோட்டாரையே பின்னால் தள்ளலாம் என்பதால் ஜாக்கிக்குத் தேவையும் குறைவு.

பிரேக் என்றால் அது வேகமான ஷாஃப்டில், அதாவது கியர்பாக்ஸின் உள்செல்லும் பக்கத்தில் இருப்பதே வழக்கம். முறுக்கு குறைவாக உள்ள இடத்தில் குறைந்த பலத்தில் நிறுத்தலாம். சக்கரம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஆரணி, அரிசி ஆலைக்காரர்: பிரேக் என்றால் பட்டை எங்கே, நெம்புகோல் எங்கே? படத்தில் இரண்டும் இல்லை.

வாணியம்பாடி, ஓய்வுபெற்ற பிட்டர்: கழற்றியிருப்பார்கள். உறையையே கழற்றியவர்கள் நெம்புகோலை விட்டுவைப்பார்களா?

பதில்: எனக்கு வாணியம்பாடிக்காரர் பக்கம்தான் சாய்வு, ஆனாலும் ஆரணிக்காரரின் கேள்விக்கு இந்தப் படத்தில் விடை இல்லை. மாணவர் மறுபக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்தால் தீரும். சக்கரம் புல்லியின் அதே ஷாஃப்டில் சாவி போட்டு இறுகியிருந்தால் பிரேக். தனி அச்சில், ஆடும் கையில் நின்று பெல்ட்டைத் தொட்டால் ஜாக்கி. பியூஸ் கையில் இருக்கட்டும்.

பேரணாம்பட்டு, டேனரி மேற்பார்வையாளர்: எங்கள் டிரம்மில் பினியன் கடகடவென்று சத்தம் போடுகிறது. படத்தில் உள்ளது போலத்தான் அமைப்பு. பினியன் போய்விட்டதா, பேரிங் போய்விட்டதா?

பதில்: டிரம் ஒரு சுற்று சுற்றும்போது பினியனின் ஒவ்வொரு பல்லும் எட்டு முறை கோக்கிறது, வளையத்தின் பல் ஒரு முறைதான் கோக்கிறது. ஆகவே முதலில் தேய்வது பினியன். பல் முனை கூர்மையாகி, அடிப்பக்கம் மெலிந்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும். ஆனால் அதைச் செய்யும் முன் பினியனைத் துடைத்துவிட்டு, பல்லின் முகத்தில் மினுமினுப்பு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். மாணவர் அனுப்பிய படத்திலேயே ஒரு பல் நன்றாகத் தெரிகிறது: வெளிப்பக்கப் பாதி கண்ணாடி போலப் பளபளக்கிறது, உள்பாதியில் பழைய கிரீஸ் அப்படியே கறுத்துக் கிடக்கிறது. பல் பாதி அகலத்தில் மட்டும் சுமை தாங்குகிறது என்பதே இதன் பொருள். ஷாஃப்டும் வளையமும் இணையாக இல்லை; ஒரு பக்கத்துப் பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் இறங்கியிருக்கலாம், கட்டையின் போல்ட் தளர்ந்து நகர்ந்திருக்கலாம், டிரம்மைத் தாங்கும் புஷ்ஷே தேய்ந்து டிரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். கட்டையின் பாதத்தில் பெயின்ட் கோடு போல வெடித்திருந்தால் இரண்டாவது காரணம். பெயின்ட் முழுசாக இருந்தால், காலியான டிரம்மில், பினியன் ஷாஃப்டின் அடியில் கடப்பாறையால் மெல்ல நெம்பிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங். அதிலும் ஆட்டம் இல்லையென்றால் டிரம் புஷ்ஷைச் சந்தேகியுங்கள். காரணத்தைச் சரி செய்யாமல் புதிய பினியன் போட்டால் அதுவும் அதே பாதியில் தேயும்.

வாலாஜாபேட்டை: என் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தில் சத்தம் வருகிறது, அதுவும் பேரிங்தானே?

பதில்: மெக்கானிக்கிடம் காட்டுங்கள், இங்கே டிரம்தான் பேச்சு.

ஆம்பூர், இன்னொருவர்: மூன்று பெல்ட்டில் ஒன்று மட்டும் தொய்ந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா?

பதில்: போதாது. புதியது நீளாமல் இறுகி நின்று சுமை முழுவதையும் தானே இழுக்கும், பழைய இரண்டும் சும்மா ஓடும். புதியதுதான் முதலில் அறும். மூன்றையும் ஒரே தயாரிப்பில், ஒரே எண்ணில் சேர்த்து மாற்றுங்கள். மாற்றும்போது புல்லியின் பள்ளத்தைப் பாருங்கள்: வி பெல்ட் பள்ளத்தின் இரு சுவரில்தான் பிடிக்க வேண்டும், அடியைத் தொடக் கூடாது. பள்ளத்தின் அடி பளபளத்தால் புல்லி தேய்ந்துவிட்டது, எந்தப் பெல்ட்டைப் போட்டாலும் வழுக்கும். மாணவரின் படத்தில் நடுப்பள்ளத்துப் பெல்ட் மற்ற இரண்டையும்விடச் சற்றுத் தாழ்ந்து உட்கார்ந்திருப்பது போலத் தெரிகிறது.

ஆம்பூர், இன்னொருவர்: ஓடும்போதே கையால் அழுத்தித் தொய்வைப் பார்க்கிறோம், அது தவறா?

பதில்: தவறு. பியூஸைப் பற்றி மேலே சொன்னதைப் படியுங்கள்.

வேலூர், பாலிடெக்னிக் மாணவர்: ஐயா, மறுபக்கப் படம் எடுக்கக் கேட்டேன். உறையை மாட்டிவிட்டார்களாம், அடுத்த பராமரிப்பின்போதுதான் கழற்றுவார்களாம்.

பதில்: மாட்டியது நல்லது, காத்திருக்கலாம். அடுத்த முறை அந்த வழவழப்பான சக்கரத்தோடு, நடுப்பள்ளத்தின் அடியையும் வெளிச்சம் காட்டிப் படம் எடுங்கள்.