படகு அடக்கம், புரோகிதர் ஏற்பாடு

கேள்வி: டிராவல்ஸ்காரர் வாட்ஸ்அப்பில் சொன்னதையெல்லாம் இப்போது இல்லை என்கிறார். புகார் மெயிலில் அந்த மெசேஜ்களை எப்படிப் போடுவது? ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பினால் போதுமா?

நீங்களும் பணத்தை முழுதாகக் கட்டிவிட்டு நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் வக்கீல் இல்லை, ஒரு முறை மாட்டி, பாதி சொதப்பி, மீதியை வாங்கியவன். அவ்வளவுதான்.

எங்களுக்குப் பாம்பன். ராமேஸ்வரம் கடற்கரை மண்ணை எடுத்துப்போய் பிரயாகையில் கரைத்துவிட்டு, கங்கை நீரோடு திரும்ப வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. 2024 பிப்ரவரி 12 அன்று கிளம்புவதாக அப்பா, அம்மா, பெரியப்பா, சித்தி என நான்கு பேருக்கு, மதுரை டிராவல்ஸ் ஏஜென்ட் ஒருவரிடம் தலைக்கு 28,500 கட்டினோம். அப்போது பாம்பன் பாலத்தில் ரயிலே இல்லை. 2022 டிசம்பரில் நிறுத்தியது, புதுப் பாலம் திறக்க 2025 ஏப்ரல் ஆகிவிட்டது. அதுவரை மூட்டையோடு மண்டபத்துக்குப் பஸ்ஸில் போய் ரயில் ஏறினோமே, அதற்கு யாரிடம் ரீஃபண்ட் கேட்பது? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனவரி 20 வாக்கில் அம்மா வழுக்கி விழுந்து கணுக்கால் உடைந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள சித்தியும் நின்றுவிட்டார். அன்றே இரண்டு பேருக்குக் கேன்சல் சொன்னேன். "ரசீது பின்னாடி பாருங்க, புக்கிங் ஆனா ரீஃபண்ட் கிடையாது" என்றார் அவர். கொதித்துப்போய் இரண்டு பக்கத்துக்கு ஒரு மெயில் அடித்தேன். அப்பாவும் பெரியப்பாவும் போய் வந்த பிறகு, படகுக்கு 1,200, கயாவில் புரோகிதருக்கு 5,000 கைக்காசு போட்டதையும் சேர்த்து இன்னொன்று. அதில் நான் எழுதியது: "புரோகிதர் செலவு உட்பட எல்லாம் அடக்கம் என்று உறுதி அளித்தீர்கள்."

அங்கேதான் சறுக்கினேன். அவர் பழைய மெசேஜைத் தேடி எடுத்து எனக்கே அனுப்பினார். அதில் இருந்தது "ரூம், சாப்பாடு, படகு அடக்கம். புரோகிதர் ஏற்பாடு பண்ணித் தர்றோம்." ஏற்பாடு என்றுதான் இருக்கிறது, செலவு என்று இல்லை. சொல்லாததைச் சொன்னதாக எழுதுகிறீர்கள், மற்றதும் அப்படித்தான் இருக்கும் என்று முடித்துவிட்டார். நினைவிலிருந்து எழுதினால் நமக்குச் சாதகமாகத்தான் எழுதுவோம். பொய் சொல்ல வேண்டும் என்றில்லை, கோபத்தில் அப்படித்தான் நினைவு வருகிறது.

மூன்றாவது மெயிலுக்கு முன் உட்கார்ந்து சாட் முழுவதையும் படித்தேன். எக்ஸ்போர்ட் செய்து, தேதியும் நேரமும் உள்ள அந்த ஃபைலை இணைத்தேன். ஸ்கிரீன்ஷாட்டும் வைத்தேன், ஆனால் அது துணைக்குத்தான். படத்தில் உள்ளதை மெயிலில் தேட முடியாது, மேலே கீழே என்ன வெட்டினோம் என்ற சந்தேகமும் வரும். அவர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர், பிழையோடு அப்படியே ஒட்டினேன் (இங்கே தமிழில் தருகிறேன்). மெயிலின் நடுப்பகுதி இவ்வளவுதான்:

"4.12.2023 இரவு 9.14, நான்: யாராவது வர முடியலன்னா காசு?
9.16, நீங்கள்: 15 நாள் முன்னாடி சொன்னா டிக்கெட் காசு போக மீதி ரிட்டர்ன் சார்.
9.21, நான்: சரி, நாளைக்கு அட்வான்ஸ் போடுறேன்.
கேன்சல் சொன்னது 20.1.2024, பயணத்துக்கு 23 நாள் முன்பு. ஒருவர் டிக்கெட் 9,400 போக மீதி 19,100. இருவருக்கு 38,200. படகு 1,200. மொத்தம் 39,400. புரோகிதர் தட்சணையை நான் கேட்கவில்லை, முன் மெயிலில் தவறாக எழுதிவிட்டேன்."

என் கேள்வியையும் சேர்த்துப் போட்டதைக் கவனியுங்கள். அவர் பதிலை மட்டும் தனியே போட்டால் "அது வேறு விஷயத்துக்குச் சொன்னது" என்பார். 9.21 மெசேஜ் முக்கியம். அந்த வார்த்தையை நம்பித்தான் பணம் போட்டேன் என்பதை அதுதான் காட்டுகிறது. ரசீது அதற்கு அடுத்த நாள்தான் கைக்கு வந்தது, அதையும் ஒரு வரி எழுதினேன். வாய்ஸ் மெசேஜ் இருந்தால் எத்தனையாவது விநாடியில் என்ன சொல்கிறார் என்று தட்டச்சு செய்து, ஃபைலையும் இணையுங்கள். போனில் பேசியதை மட்டும் மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள்.

கடைசியில் 15 நாள் கெடு, அதன் பிறகு ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்று முடித்தேன். ஏஜென்ட் மதுரையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. சாட்டை நம்பி ஏன் பணம் கட்டினாய் என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: எல்லா ஏஜென்ட்டும் சாட்டில்தானய்யா பேசுகிறார்கள்.

பன்னிரண்டாம் நாள் 20,000, அடுத்த மாதம் 18,200 வந்தது. படகுக்காசு 1,200 வரவே இல்லை. நான் விடுவதாக இல்லை, அப்பாதான் கங்கையில் போனது போகட்டும் என்கிறார்.