மாதத்தின் நடுவில் பசி குறைவதும் கடைசியில் கூடுவதும் ஏன்?

கேள்வி: எனக்கு 32 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும். மாதத்தின் நடுவில் இரண்டு மூன்று நாள் சாப்பாடே இறங்காது. அடுத்த மாதவிடாய்க்கு முந்தைய பத்து நாளோ எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது. எடை குறைக்க தினமும் 1600 கலோரி என்று அளவாகச் சாப்பிடுகிறேன். அந்தப் பத்து நாளில் எல்லாம் பாழாகிறது. ஏன் இப்படி, என்ன செய்வது?

பதில்: இதில் மனக்கட்டுப்பாட்டுக்குப் பெரிய பங்கில்லை. சினைப்பையிலிருந்து வரும் இரண்டு ஹார்மோன்கள் செய்யும் வேலை இது.

மாதவிடாய் முடிந்ததும் கருமுட்டைப் பை வளர வளர ஈஸ்ட்ரோஜன் கூடிக்கொண்டே போகும். கருமுட்டை வெளிப்படுவதற்குச் சற்று முன்பு அது உச்சத்தைத் தொடும். ஈஸ்ட்ரோஜன் பசியைத் தணிக்கும் ஹார்மோன். சாப்பிட்டதும் குடலிலிருந்து 'போதும்' என்று மூளைக்குப் போகும் சமிக்ஞையை அது வலுப்படுத்துவதால், வழக்கமான அளவில் பாதியிலேயே வயிறு நிறைந்தது போலிருக்கும். நீங்கள் சொல்லும் அந்த இரண்டு மூன்று நாள் இதுதான்.

அதன் பிறகு ஈஸ்ட்ரோஜன் சட்டென இறங்கி, சில நாளில் மீண்டும் ஏறும். அப்படியானால் இரண்டாம் பாதியிலும் பசி குறைய வேண்டுமே? கருமுட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்ப்பஸ் லூட்டியம் இப்போது புரோஜெஸ்ட்ரோனையும் சுரக்கிறது. சுமார் ஒரு வாரத்தில் அது உச்சத்துக்கு வரும். சினைப்பை அகற்றப்பட்ட எலிகளில் புரோஜெஸ்ட்ரோனை மட்டும் கொடுத்தால் உணவு கூடுவதில்லை. ஈஸ்ட்ரோஜனோடு சேர்த்துக் கொடுத்தால், ஈஸ்ட்ரோஜன் பசியைக் குறைப்பதை அது தடுக்கிறது. அதாவது புரோஜெஸ்ட்ரோன் பசியைத் தூண்டுகிறது என்பதைவிட, ஈஸ்ட்ரோஜன் பிடித்திருந்த கடிவாளத்தைத் தளர்த்துகிறது என்பதே சரி. கூடவே உடல் வெப்பநிலை சுமார் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் உயரும். ஓய்வில் எரியும் கலோரியும் சிலருக்குக் கொஞ்சம் கூடும். அது சிறிய அளவுதான், கூடுதலாகச் சாப்பிடுவதையெல்லாம் அதன் கணக்கில் எழுத முடியாது.

இப்போது உங்கள் 32 நாளை எடுத்துக்கொள்வோம். கருமுட்டை வெளிவருவது '14-ஆம் நாள்' என்று பலர் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. அடுத்த மாதவிடாய் தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே பொருந்தும், ஏனெனில் நீளம் மாறுவது பெரும்பாலும் முதல் பாதிதான், இரண்டாம் பாதி ஏறத்தாழ 14 நாள். 32-இலிருந்து 14-ஐக் கழித்தால் உங்களுக்குக் கருமுட்டை வெளிவருவது 18-ஆம் நாளை ஒட்டி. பசி மந்தம் 16 முதல் 18 வரை. கூடுதல் பசி ஏறத்தாழ 23-ஆம் நாளிலிருந்து. ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆவது சகஜம்.

தவறு நடப்பது பெரும்பாலும் 16 முதல் 18 வரையிலான நாட்களில். பசியில்லாததால் 1200 கலோரியோடு நிறுத்திக்கொண்டு, இதுவே இனி அளவு என்று முடிவு செய்துவிடுவீர்கள். 22-க்குப் பிறகும் அதையே பிடித்துவைக்கப் பார்த்தால், பகல் முழுக்கத் தாங்கி இரவில் மொத்தமாக உடைந்துபோகும். மாறாக 23-ஆம் நாளிலிருந்து 1600-ஐ 1750 ஆக்குங்கள். பத்து நாளில் கூடுவது 1500 கலோரிதான். 32 நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 50-க்கும் குறைவு. இரவில் ஒரே ஒருமுறை கட்டுமீறினாலே இதில் பெரும்பகுதி போய்விடும். கூடுதல் 150-ஐப் பசி அதிகம் வரும் நேரத்துக்கு அரை மணி முன்பு எடுங்கள். ஒரு வேகவைத்த முட்டையும் 15 கிராம் நிலக்கடலையும் சேர்ந்தால் ஏறக்குறைய அந்தக் கணக்கு வரும், 10 கிராம் புரதமும் கிடைக்கும். அதே கலோரிக்கு இனிப்பு சாப்பிட்டால் பசி சீக்கிரமே திரும்பும்.

எடைக் கருவியை இந்த நாட்களில் நம்ப வேண்டாம். நீர் தங்குவதால் ஒரு கிலோ வரை ஏறித் தெரியலாம், மாதவிடாய் தொடங்கியதும் இறங்கிவிடும். இந்தச் சுழற்சியின் 8-ஆம் நாள் எடையைப் போன சுழற்சியின் 8-ஆம் நாளோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இந்த ஏற்ற இறக்கமெல்லாம் கருமுட்டை வெளியாகும் மாதங்களுக்குத்தான். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கோ, கருமுட்டை வெளியாகாத மாதத்திலோ இதே வடிவத்தை எதிர்பார்க்க முடியாது. நாளுக்கு நூறு இருநூறு கலோரி கூடுவது இயல்பு. நிறுத்த முடியாமல் பெருமளவு சாப்பிட்டுவிட்டு வாந்தியை வரவழைப்பதோ, பட்டினி கிடப்பதோ, கூடவே தாங்க முடியாத மனச்சோர்வு மாதாமாதம் வருவதோ இயல்பல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் சர்க்கரை அளவைக் கூடுதலாகக் கவனியுங்கள். சிலருக்கு அப்போது இன்சுலின் தேவை கூடும். அளவை மருத்துவரிடம் கேட்டே மாற்றுங்கள்.