இடமாற்றம் வந்ததும் வீட்டுக்காரருக்கு எழுத வேண்டிய கடிதம்

கேள்வி: குன்னூரில் 11 மாத அக்ரிமெண்டில் குடியிருக்கிறோம். 2025 ஜூன் 1 முதல் 2026 ஏப்ரல் 30 வரை. வாடகை ரூ.12,000, அட்வான்ஸ் ரூ.36,000. எனக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்துவிட்டது. டிசம்பர் 31-ல் காலி செய்தாக வேண்டும். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் போதும் என்று ஆபீஸில் சொல்கிறார்கள். ஆனால் நடுவில் போனால் அட்வான்ஸ் திரும்பக் கிடையாது என்று அக்ரிமெண்டில் இருக்கிறது. வீட்டுக்காரர் கோவையில் இருக்கிறார். அவருக்கு எப்படி எழுதுவது? வேறு ஆளைப் பிடித்துக் கொடுத்தால் பணம் வருமா?

பதில்: ஆபீஸில் சொல்வதை நம்பி நோட்டீஸ் அனுப்பிவிடாதீர்கள். சொத்து மாற்றுச் சட்டம் 1882-ன் 106-வது பிரிவு வீட்டு வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் என்கிறது. ஆனால் அது, கெடு எதுவும் எழுதிக்கொள்ளாமல் மாதாமாதம் ஓடும் வாடகைக்கு. உங்களுடையதில் தொடக்க தேதியும் முடிவு தேதியும் இருக்கின்றன. அப்படி இருக்கும்போது, கெடுவுக்கு முன்னால் ஒருவர் தன்னிச்சையாக வெளியேற வேண்டுமென்றால் அந்த உரிமை அக்ரிமெண்டிலேயே இருக்க வேண்டும்.

எனவே முதலில் அக்ரிமெண்டை எடுத்து நிதானமாகப் படியுங்கள். "இரு தரப்பினரில் எவரும் இத்தனை மாத முன்னறிவிப்பு கொடுத்து முடித்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி இருந்தால் வேலை சுலபம். அந்த வரியின் எண்ணைச் சொல்லி, அது கேட்கும் நாட்களைக் கொடுத்து நோட்டீஸ் அனுப்பினால் போதும். "உரிமையாளர் கேட்டால் இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும்" என்று மட்டும் இருந்தால், அது அவருக்கு மட்டும் உள்ள உரிமை. நீங்கள் அதைப் பயன்படுத்த முடியாது. நம் ஊரில் டைப் அடித்து வைத்திருக்கும் படிவங்களில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான் இருக்கும்.

மாற்றல் உத்தரவும் தானாக உங்களை விடுவிக்காது. நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லும் ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவு, ஏற்கெனவே கைமாறிவிட்ட குத்தகைக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. உத்தரவின் நகலைக் கடிதத்தோடு வையுங்கள். சட்டக் கட்டாயத்துக்காக அல்ல, நீங்கள் சாக்குச் சொல்லவில்லை என்று வீட்டுக்காரர் நம்புவதற்காக.

உங்களுக்கு உள்ள வழி அதே சொத்து மாற்றுச் சட்டத்தின் 111-வது பிரிவில் இருக்கிறது. இருவரும் ஒத்துக்கொண்டால், மீதி உள்ள காலத்தைக் குடியிருப்பவர் உரிமையாளரிடமே ஒப்படைத்துவிடலாம். அன்றோடு வாடகைப் பொறுப்பும் நின்றுவிடும். அவர் ஒத்துக்கொண்டதற்கு எழுத்து வேண்டும், வீடு அவர் கைக்குப் போனதற்கும் சான்று வேண்டும். இந்த இரண்டும் இருந்தால்தான் உங்கள் பக்கம் பலம். ஆகவே "காலி செய்கிறேன்" என்று அறிவிக்காமல், "ஒப்படைக்க முன்வருகிறேன், ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று கேட்டு எழுதுங்கள். முன்னதைப் படிப்பவருக்கு ஒப்பந்தத்தை மீறியவர் என்று உங்களைச் சொல்ல இடம் கிடைக்கும். பின்னதற்கு அவர் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லியாக வேண்டும்.

இனி அட்வான்ஸ். அக்ரிமெண்டில் இருக்கும் அந்த வரியைப் பார்த்துப் பணம் மொத்தமும் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி, எழுதியிருக்கும் தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான ஈடு எவ்வளவோ அவ்வளவுதான் கேட்க முடியும். நட்டமே ஏற்படாத இடத்தில் முன்பணத்தைப் பறித்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் ஒரு நில ஏல வழக்கில் இந்தப் பிரிவை விளக்கியது. நட்டத்தைக் குறைக்க வழியிருந்தும் உரிமையாளர் சும்மா இருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது 73-வது பிரிவின் விளக்கம். வேறு ஆளைக் காட்டிக் கொடுப்பதற்குச் சட்டத்தில் மதிப்பு இருப்பது இங்கேதான்.

உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். டிசம்பர் 31-ல் வெளியேறினால் மீதி நான்கு மாதம், ரூ.48,000. புதியவர் பிப்ரவரி 1-ல் அதே வாடகைக்கு வந்துவிட்டால் வீட்டுக்காரரின் வாடகை நட்டம் ஜனவரி மட்டும், அதாவது ரூ.12,000. அட்வான்ஸில் ரூ.24,000 உங்களுக்கு வர வேண்டும். நீங்கள் காட்டிய நல்ல ஆளைக் காரணமே சொல்லாமல் மறுத்து, வீட்டைப் பூட்டி வைத்து ஏப்ரல் வரை கேட்டால் அந்தக் கணக்கு நிற்பது கடினம். ஆனால் நீங்கள் யாரையும் காட்டாமல், அவர் முயன்றும் ஆள் கிடைக்காமல் போனால் அட்வான்ஸ் முழுவதும் போகும் ஆபத்து உண்மையாகவே உண்டு. குன்னூரில் ஜனவரி மந்தமான மாதம். பள்ளி மாறும் குடும்பங்கள் மே, ஜூனில்தான் வீடு தேடும். அதனால் கடிதத்தை இன்றே அனுப்புங்கள்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"அன்புள்ள ஐயா,

தங்கள் வீட்டில் 2025 ஜூன் 1 தேதியிட்ட ஒப்பந்தப்படி குடியிருந்து வருகிறேன். என் நிர்வாகம் என்னைத் திருநெல்வேலிக்கு மாற்றியுள்ளது. உத்தரவின் நகலை இணைத்துள்ளேன்.

ஒப்பந்தக் காலம் ஏப்ரல் 30 வரை இருப்பதை அறிவேன். 2025 டிசம்பர் 31 அன்று வீட்டைத் தங்களிடம் ஒப்படைக்க முன்வருகிறேன். அதைத் தாங்கள் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்று வரையுள்ள வாடகையையும் மின் கட்டணத்தையும் செலுத்திவிடுவேன்.

புதிய குடித்தனக்காரரைத் தேட உதவுகிறேன். வார இறுதி நாட்களில் வீட்டைக் காட்டுகிறேன்; வருபவர்களின் வேலை, குடும்ப விவரங்களைத் தங்களுக்கு அனுப்புகிறேன். தேர்வும் ஒப்பந்தமும் தங்களுடையவை. ஜனவரியில் புதியவர் குடிவராவிட்டால் அந்த மாத வாடகை ரூ.12,000-ஐ முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். ஜனவரி நடுவில் குடிவந்தால் அதுவரையுள்ள நாட்களுக்கு மட்டும். அதற்குமேல் இருவருக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை என்பதே என் கோரிக்கை.

இதற்குத் தங்கள் சம்மதத்தை 7 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்."

"ஜனவரி வரை மட்டும்" என்ற வரம்பை அவர் ஒப்புக்கொண்டுவிட்டால், ஏப்ரல் வரை கேட்கும் கதவு மூடிவிடும். ஒரு மாத வாடகையை நீங்களே முன்வந்து கொடுப்பது நட்டம் போலத் தெரியலாம். ஆனால் மூன்று மாத வாடகைக்கு நடக்கும் சண்டையைவிட அது மலிவு. "மன்னிக்கவும், ஒப்பந்தத்தை மீறுகிறேன்" என்ற மாதிரி ஒரு சொல்லும் கடிதத்தில் வேண்டாம்.

பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. எனவே ஒப்புகையுடன் விரைவுத் தபாலில், ஒப்பந்தத்தில் உள்ள கோவை முகவரிக்கே அனுப்புங்கள். அதையே படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள். அவர் "சரிங்க, பாத்துக்கலாம்" என்று பதில் போட்டால் அதைச் சம்மதமாக எண்ணி விட்டுவிடாதீர்கள். "டிசம்பர் 31-ல் ஒப்படைப்பு, ஜனவரி வாடகை மட்டும் கழிவு. சம்மதம்தானே?" என்று கேட்டு, தெளிவான பதிலை வாங்குங்கள்.

ஆள் பிடித்துக் கொடுப்பதில்தான் நல்ல மனசுக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு நண்பரோ, உங்கள் இடத்துக்கு வரும் அதிகாரியோ கிடைத்ததும் சாவியைக் கொடுத்து, "வாடகையை ஓனருக்குப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அது உள்வாடகை. தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தில் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகை விடக் கூடாது. உள்ளே வந்தவர் வாடகை தராவிட்டாலும், ஜன்னலை உடைத்தாலும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். புதியவரிடம் நீங்கள் அட்வான்ஸ் வாங்கி உங்கள் பணத்தை ஈடுகட்டிக்கொள்வதும் வேண்டாம். அவர் வீட்டுக்காரரோடு தனி அக்ரிமெண்ட் போட்டு, அட்வான்ஸை நேராக அவரிடமே கொடுக்கட்டும்.

இன்னொரு பழக்கம், கடைசி மாத வாடகையைக் கட்டாமல் "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவது. அவர் எழுத்தில் ஒத்துக்கொள்ளாத வரை அது வாடகை பாக்கிதான். டிசம்பர் வாடகையை வழக்கமான தேதியில், வழக்கம்போல் வங்கி வழியாகவே செலுத்துங்கள்.

ஒப்படைப்பு நாளில் சாவியை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினால் வீடு திரும்பப் போனதற்குச் சான்று இல்லை. வீட்டுக்காரரால் வர முடியாவிட்டால், இன்னாரிடம் சாவியைக் கொடுக்கலாம் என்று அவர் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் எழுதட்டும். பெற்றுக்கொள்பவர் தேதி, நேரம், எத்தனை சாவி, மீட்டரில் எத்தனை யூனிட் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மீட்டரைப் படம் எடுங்கள். இரண்டு மாதக் கணக்கு என்பதால் அடுத்த பில்லில் உங்கள் பங்கு எவ்வளவு என்று அந்தப் படமே சொல்லும்.

குன்னூரில் பெரும்பாலும் தகராறு வருவது சுவர் ஈரத்தில்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு காலி செய்கிறீர்கள். பூஞ்சை பிடித்த சுவரைக் காட்டிப் பெயிண்ட் செலவைப் பிடிப்பார்கள். மேட்டை வெட்டிக் கட்டிய வீடுகளில், மண் அணைந்த பக்கத்துச் சுவரில் தரையிலிருந்து இடுப்பளவு வரை உப்புப் பூத்து, பெயிண்ட் கொப்பளித்து உரியும். இது மண்ணிலிருந்து கசிவது, கட்டடத்தின் குறை, உங்கள் தவறல்ல. அலமாரிக்குப் பின்னாலும் குளியலறைக் கூரை மூலையிலும் கறுப்புப் புள்ளிகளாகப் படர்ந்தால் அது காற்றோட்டம் இல்லாததால் வந்தது. அதற்கு உங்களைக் கேட்க இடமிருக்கிறது. ஆகவே இரண்டாவது வகையைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். முதல் வகையை, தரையும் சேர்ந்து தெரியும்படி படம் எடுத்து, கடிதத்துக்குப் பதில் வந்ததுமே அவருக்கு அனுப்பிவிடுங்கள். சாதாரணப் புழக்கத்தால் வந்த தேய்மானத்துக்கு ஈடு கேட்க முடியாது.

அதே 2017 சட்டத்தின்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய கழிவுகள் போக மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். ஜனவரி 31 தாண்டியும் வராவிட்டால் கழிவுக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர் அவர். அங்கே முதலில் கேட்கப்படுவது, உங்கள் ஒப்பந்தம் அந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகி எண் பெற்றிருக்கிறதா என்பதே. பதிவாகவில்லை என்றால், காலி செய்யும் முன்பே, நல்ல உறவு இருக்கும்போதே வீட்டுக்காரரிடம் பேசி விஷயத்தை எழுத்தில் முடித்துக்கொள்வதில் கூடுதல் அக்கறை காட்டுங்கள்.