பன்னிரண்டு பேர் புக்கையைத் தொண்ணூறு பேருக்கு ஆக்குவது

கேள்வி: தரம் 6 பிள்ளைகளுக்கு விகிதம் படிப்பிக்கிறேன். 4 : 1, 8 : 2 என்று பயிற்சியில் சரியாகச் செய்கிறார்கள். கொஞ்சம் மாற்றிக் கேட்டால் குழம்புகிறார்கள். அறுவடை முடிந்து எங்கள் குடும்பத்தில் 90 பேருக்குப் புக்கை பொங்க இருக்கிறோம். அம்மாவின் கணக்கு 12 பேருக்குத்தான். இதையே பாடமாக வைக்கலாமா? எங்கே தொடங்குவது? (ஆசிரியை, படுவான்கரை, மட்டக்களப்பு)

தாராளமாக வைக்கலாம். ஆனால் 90 பேரில் தொடங்க வேண்டாம். முதலில் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். அதற்கு அம்மாவின் கணக்கில் ஒரு வரி போதும். 12 பேருக்கு அரிசி 4 சுண்டு, பயறு 1 சுண்டு, சர்க்கரை 600 கிராம், தேங்காய் 2 என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் வீட்டு அளவு வேறாக இருந்தால் அதையே எடுங்கள்.) கரும்பலகையில் அரிசியையும் பயற்றையும் மட்டும் எழுதி, “அரிசி 6 சுண்டு போட்டால் பயறு எவ்வளவு?” என்று கேளுங்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் ஒவ்வொருவரும் கொப்பியில் எழுதட்டும்.

ஒன்றரை என்று எழுதியவர்களுக்கு விஷயம் பிடிபட்டிருக்கிறது. 3 என்று எழுதியவர்கள் வகுப்பில் பாதிப்பேர் இருந்தாலும் திகைக்க வேண்டாம். அரிசி இரண்டு கூடியதால் பயற்றிலும் இரண்டைக் கூட்டியிருக்கிறார்கள். விகிதத்தில் பிள்ளைகள் விடும் பிழைகளில் வேரோடிப்போனது இதுதான். 4 : 1, 8 : 2 என்ற பயிற்சியில் இது வெளியே தெரியாது. இரட்டிப்பாக்குவது எல்லாருக்கும் கைவந்த வேலை. 4 எத்தனை மடங்கானால் 6 ஆகும் என்று உடனே சொல்ல முடியாத இடத்தில்தான் பிள்ளை பெருக்கலை விட்டுக் கூட்டலைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் பிள்ளைகள் குழம்புவதும் அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

“கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும்” என்று சொல்லித் திருத்தினால் அது அந்தப் பாடவேளைக்கு மட்டும்தான் நிற்கும். கண்ணால் காட்டுங்கள். ஒரே அளவான மூன்று கண்ணாடிக் குவளைகள், ஒரு சோடா மூடி, வெள்ளைப் பச்சையரிசி, தோல் நீக்காத பச்சைப் பயறு இருந்தால் போதும். ஒரு மூடியை ஒரு சுண்டாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் குவளையில் அரிசி 4 மூடி, பயறு 1 மூடி. இரண்டாவதில் 6 மூடிக்கு 3. மூன்றாவதில் 6 மூடிக்கு ஒன்றரை. மூன்றையும் நன்றாகக் கலக்கி வரிசையாக வைத்து, எந்த இரண்டு ஒரே மாதிரித் தெரிகின்றன என்று கேளுங்கள். இரண்டாவது குவளை பச்சைப் புள்ளிகளால் நிறைந்து கிடக்கும். ஒன்றாவதும் மூன்றாவதும் ஒரே சாயலில் இருக்கும், மூன்றாவதில் உயரம்தான் கூட. விகிதம் மாறவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறமும் நம்பாத பிள்ளை இருந்தால், அவனுடைய வழியிலேயே விருந்து வரைக்கும் போகவிடுங்கள். அரிசி 30 சுண்டு என்றால் 26 கூடியிருக்கிறது, ஆகவே பயறு 27. நான் இப்படி எழுதவிட்டபோது பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, “அது மறுகா புக்கை இல்லை சேர், பயற்றங்கஞ்சி” என்றாள். வித்தியாசம் தொடக்கம் முதல் மூன்றாகவே இருக்கிறது. 4க்கும் 1க்கும் நடுவில் அந்த மூன்று பெரிய இடைவெளி. 30க்கும் 27க்கும் நடுவில் அது ஒன்றுமே இல்லை. வித்தியாசத்தைக் காப்பாற்றினால் சுவை மாறிவிடும் என்று அந்த வகுப்பு அன்றைக்கே கண்டுகொண்டது.

இனி 90 பேருக்கு வரலாம். வழக்கமாக ஒருவருக்கு எவ்வளவு என்று கண்டு, அதை 90ஆல் பெருக்கச் சொல்லிக்கொடுப்போம். சர்க்கரைக்கு அது அழகாக வரும்: ஒருவருக்கு 50 கிராம், 90 பேருக்கு 4500 கிராம், அதாவது நாலரைக் கிலோ. பயற்றில் அதே வழி பிள்ளையை வதைத்துவிடும். ஒரு சுண்டைப் பன்னிரண்டாகப் பிரித்துத் தொண்ணூறால் பெருக்க வேண்டும். அதனால் ஒருவருக்குப் போகாமல் ஆறு பேருக்கு இறங்கச் சொல்லுங்கள். 12க்கும் 90க்கும் நடுவில் 6 ஒரு நல்ல பாலம். எல்லாவற்றையும் பாதியாக்கினால் அரிசி 2 சுண்டு, பயறு அரைச் சுண்டு, சர்க்கரை 300 கிராம், தேங்காய் 1. தொண்ணூறில் ஆறு பதினைந்து தடவை. ஆகவே அரிசி 30 சுண்டு, பயறு ஏழரைச் சுண்டு, சர்க்கரை 4500 கிராம், தேங்காய் 15. சர்க்கரை இரண்டு வழியிலும் ஒன்றாக வந்ததைப் பிள்ளைகளே கவனித்துச் சொல்லட்டும்.

இதை அட்டவணையாக எழுதும்போது 6, 12, 18, 30, 90 என்று ஆட்களின் எண்ணிக்கையை மேலே வையுங்கள். 30 பேருக்கான நிரலை, 12 பேருக்கும் 18 பேருக்கும் உரிய நிரல்களைக் கூட்டியும் நிரப்பலாம். பயறு ஒன்றும் ஒன்றரையும் சேர்ந்து இரண்டரை. இந்தக் கூட்டல் சரியானது. ஏனென்றால் இங்கே கூட்டுவது ஒரு முழுச் சமையலோடு இன்னொரு முழுச் சமையலை. முன்பு பிழைத்தது, அரிசியில் கூடிய அதே இரண்டைப் பயற்றிலும் கூட்டியதால். இந்த வேறுபாட்டுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், கூட்டலே கூடாது என்று பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது. இன்னொன்று, அரிசிக்கும் சர்க்கரைக்கும் 4 : 600 என்று எழுதவிடாதீர்கள். ஒன்று சுண்டு, மற்றது கிராம். விகிதமாக எழுத இரண்டும் ஒரே அலகில் இருக்க வேண்டும்.

அட்டவணை நிரம்பியதும் ஒரு கேள்வி: 12 பேருக்குப் பொங்க 40 நிமிடம் பிடித்தால் 90 பேருக்கு? பெருக்கிப் பழகிய கை 300 நிமிடம் என்று எழுதிவிடும். அதாவது ஐந்து மணித்தியாலம். விருந்துக்குச் சமைத்த யாரையாவது வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள். பெரிய கிடாரம் கொதிக்கக் கூட நேரம் எடுக்கும், ஆனால் ஏழரை மடங்கு எடுக்காது. அடுப்பும் பெரிது, நெருப்பும் பெரிது. கொதித்த பிறகு ஒரு அரிசி வேக எடுக்கும் நேரம் எந்தப் பானையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தண்ணீரும் அப்படியே. சின்னப் பானையில் உள்ளிருக்கும் அளவோடு பார்த்தால் வாய் அகலம், அதனால் ஆவியாகப் போகும் பங்கு அதிகம். கிடாரத்தில் அந்தப் பங்கு குறைவு. கணக்கில் வரும் தண்ணீரை முழுதாக ஊற்றாமல் கொஞ்சத்தைக் கையில் வைத்திருந்து, பதம் பார்த்து ஊற்றுவது அதனால்தான். எது ஆட்களோடு சேர்ந்து பெருகும், எது பெருகாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் நேர்விகிதசமன் பிறகு சிரமமில்லாமல் வரும்.

விளங்கிவிட்டதா என்று அறிய, கணக்கைத் திருப்பிப் போடுங்கள். சந்தையில் 7 தேங்காய்தான் கிடைத்தது, எத்தனை பேருக்குப் பொங்கலாம், மற்றச் சாமான்கள் எவ்வளவு வேண்டும்? 42 பேர், அரிசி 14 சுண்டு, பயறு மூன்றரைச் சுண்டு, சர்க்கரை 2 கிலோ 100 கிராம் என்று வர வேண்டும். 2 தேங்காயிலிருந்து 7க்கு ஐந்து கூடியது என்று பார்த்து யாராவது 17 பேர் என்று எழுதினால், அந்தப் பிள்ளையை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டுக் குவளையையும் சோடா மூடியையும் மறுபடி எடுங்கள்.