பாதி நாள் கேட்காதீர்கள், முழு நாள் கேளுங்கள்

அன்புள்ள மேடம்,

கோவையில் கடைசி வருட பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன், அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி. எட்டாவது செமஸ்டரில் ப்ராஜெக்ட் மட்டும்தான். பழைய அரியர் ஒன்று இருக்கிறது. ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் மாதம் 30,000 சம்பளத்தில் வேலை தருகிறது, ஆனால் ஜனவரி 20-இல் சேரச் சொல்கிறார்கள். காலையில் கல்லூரி, மதியம் 2 முதல் 6 வரை ஆபீஸ் என்று கேட்கலாமா? அந்த மெயிலை ஆங்கிலத்தில் பணிவாக எப்படி எழுதுவது? நண்பர்கள், "கல்லூரியில் சொல்லாமல் போ, அட்டெண்டன்ஸை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், தம்பி. உங்களை எடுத்தவர்கள் உங்கள் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆறு வரி போதும். அந்த ஆறு வரியில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். கொஞ்ச நாளாகவே இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் கேட்கும் பிள்ளைகள் எல்லாரும் இந்த "மதியம் 2 முதல் 6" என்பதையே கேட்கிறார்கள்.

அதைக் கேட்காதீர்கள். டீமின் வேலை காலை பத்து மணி மீட்டிங்கில் பிரிக்கப்படுகிறது. நீங்கள் இரண்டு மணிக்கு வந்து, காலையில் என்ன மாறியது என்று தெரிந்துகொள்ளவே ஒரு மணி நேரம் போய்விடும். ஐந்தரைக்கு ஒரு சந்தேகம் வரும். பதில் தெரிந்தவர் பையை எடுத்துக்கொண்டிருப்பார். அந்தப் பதில் மறுநாள் மதியம் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். இப்படியே போனால் மூன்றாவது வாரத்தில் டீம் லீட் உங்களுக்கு அவசரமில்லாத வேலையை மட்டும் தர ஆரம்பிப்பார். அவர் கெட்டவர் இல்லை. யாராவது காத்திருக்க வேண்டிய வேலையை உங்களிடம் தர முடியாது, அவ்வளவுதான். ஜூனில் முழுநேரம் சேரும்போது நான்கு மாதத்துக்கு மேல் டெஸ்டிங் ஷீட் நிரப்பியதுதான் கையில் இருக்கும். கல்லூரிப் பக்கமும் இதே கதை. கைடு ரிவ்யூவை மதியத்துக்குத் தள்ளினால் அன்றைக்கு இரண்டு இடமும் கெட்டது.

வாரத்தில் அடுத்தடுத்த முழு நாட்களைக் கேளுங்கள். செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள். செவ்வாய் காலை மீட்டிங்கில் வேலையை எடுத்து, வியாழன் மாலை முடித்துக் கொடுக்கலாம். நடுவில் விட்டுவிட்டுப் போகும் பேச்சே இல்லை.

ஆனால் கேட்பதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். அதை உங்கள் நண்பர்கள் யாரும் போடவில்லை என்பது அவர்கள் யோசனையிலேயே தெரிகிறது. 2021 ஒழுங்குமுறையில் எட்டாவது செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு வாரம் 20 பீரியட். பதினைந்து வாரம் என்றால் 300. அதில் 75 சதவீதம், அதாவது 225 பீரியட் வருகை வேண்டும். திங்கள், வெள்ளி இரண்டு நாள் மட்டும் கல்லூரி போனால், நாளுக்கு எட்டு பீரியட் வீதம் 240 வரும். தப்பித்தோம் என்று தோன்றும். அதில் மூன்று நாள் காய்ச்சலில் படுத்தால் 216. அங்கேயே விழுந்தாயிற்று. உங்கள் கல்லூரியில் நாளுக்கு ஏழு பீரியட் என்றால் காய்ச்சலே தேவையில்லை, 70 சதவீதத்தில்தான் நிற்பீர்கள். 65-க்கு மேல் இருந்தால் விலக்கு உண்டு என்று யாராவது சொல்வார்கள். அது மருத்துவம், விளையாட்டு போன்ற காரணங்களுக்கு. வேலைக்குப் போனதற்கு இல்லை.

நண்பர்கள் கையெழுத்துப் போடுகிறார்களாம்! பிடிபட்டால் போவது ஒரு நாள் வருகை இல்லை, செமஸ்டர். செமஸ்டர் போனால் வைவா இல்லை, வைவா இல்லாமல் டிகிரி இல்லை, டிகிரி இல்லாவிட்டால் ஆஃபர் லெட்டரில் இருக்கும் நிபந்தனை உடைந்தது. அந்த நண்பர்களுக்கு வேலை போகாது. உங்களுக்குத்தான் போகும்.

இத்தனைக்கும் வழி பாடத்திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அந்தப் பேப்பரின் பெயரே "ப்ராஜெக்ட் வொர்க் / இன்டர்ன்ஷிப்". நிறுவனத்திலேயே ப்ராஜெக்ட் செய்யத் துறைத்தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினால், அந்த மூன்று நாளை வருகையாகவோ ஓ.டி.யாகவோ எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம். அதற்கு நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கேட்பார்கள்: எந்த நாட்கள், எந்தத் தேதி வரை, அங்கே யார் வழிகாட்டி என்று. ஆகவே முதலில் துறைத்தலைவர், பிறகுதான் நிறுவனம். ஒரே ஒரு எச்சரிக்கை. நிறுவனத்தின் சோர்ஸ் கோடும் வாடிக்கையாளர் பெயரும் ரிப்போர்ட்டில் வரக்கூடாது. ரிப்போர்ட்டை வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் படிப்பார். எதை எழுதலாம் என்று டீம் லீடிடம் ஆரம்பத்திலேயே கேட்டு, மெயிலில் பதில் வாங்குங்கள். அவர் எதையும் எழுத வேண்டாம் என்றால், ப்ராஜெக்டுக்கு அங்கேயே வேறு சின்னத் தலைப்பு ஒன்று கேளுங்கள்.

இப்போது மெயில். முதலில் உங்களை இன்டர்வியூ செய்த டீம் லீடிடம் போனில் பேசுங்கள், அன்று மாலையே ஹெச்.ஆருக்கு எழுதுங்கள். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன். ஜனவரி 20-இல் சேரத் தயார் என்பது முதல் வரி. மே 31 வரை செவ்வாய், புதன், வியாழன் முழு நாள் வருவேன் என்பது இரண்டாவது. ஜூன் 1 முதல் முழுநேரம் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். "செமஸ்டர் முடியும் வரை" என்றால் நிறுவனத்துக்கு அது ஆகஸ்டா அக்டோபரா என்று தெரியாது, பயந்து மறுத்துவிடுவார்கள். தேதி போட்டால் சிறிய நிறுவனம் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், இந்த மாதங்களில் சம்பளச் செலவும் அவர்களுக்குக் குறைவுதானே. மூன்று ரிவ்யூ, வைவா, அரியர் தேர்வு ஆகியவை வேலை நாளில் விழுந்தால் அதே வாரத்தில் வேறு நாள் வந்து ஈடுகட்டுவேன் என்பது நான்காவது.

சம்பளம் ஐந்தாவது வரி, இங்கே கூச்சப்படாதீர்கள். ஐந்தில் மூன்று பங்கு 18,000. ஆனால் பேரோலில் 30,000-ஐ முப்பதால் வகுத்து நாளுக்கு 1,000 என்று வைத்து, நீங்கள் வந்த 13 நாளுக்கு 13,000 போடலாம். வராத ஞாயிற்றுக்கிழமைகளும் உங்கள் சம்பளத்திலிருந்து கழிந்திருக்கும். வேலை நாள் 22 என்று வகுத்தால் அதே 13 நாளுக்கு ஏறக்குறைய 17,700. யாரும் ஏமாற்றுவதில்லை, மென்பொருளில் அப்படித்தான் போட்டிருப்பார்கள். அதனால் நாள் கூலியாக விடாமல், "வாரம் மூன்று நாளுக்கு மாதம் 18,000" என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஆறாவது வரி, சான்றிதழ். ரிசல்ட்டும் ப்ரொவிஷனலும் ஜூன் 1-க்குள் கைக்கு வராமல் போகலாம். எந்தத் தேதிக்குள் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். அரியர் ரிசல்ட்டும் சேர்ந்து வர வேண்டுமே, அதையும் சொல்லிவிடுங்கள். மறைத்தால் பின்னால் அவர்களே மதிப்பெண் பட்டியலில் பார்ப்பார்கள்.

இன்டர்ன் என்று போடுவார்களா, ஊழியர் என்று போடுவார்களா என்பதெல்லாம் அவர்கள் விருப்பம். சேர்ந்த தேதி ஜனவரி 20 என்று மட்டும் கடிதத்தில் இருக்கட்டும்.

நாளைக் காலை துறைத்தலைவரைப் பாருங்கள். போகும்போது டைம்டேபிளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ப்ராஜெக்ட் பீரியட்கள் செவ்வாய், புதனில்தான் குவிந்திருக்கின்றன என்றால் ஆபீஸ் நாட்களையே மாற்றிக் கேட்க வேண்டியிருக்கும்.