மீட்டரில் HI, அப்பா தூங்கிக்கொண்டே இருக்கிறார்

கேள்வி: அப்பாவுக்கு வயது 74, டைப் 2 சர்க்கரை. நாலு நாளாகக் காய்ச்சல், இப்போது ஒரே தூக்கம். மீட்டர் HI காட்டுகிறது. மாத்திரையைக் கூட்டலாமா?

வேண்டாம். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அரைமயக்கத்தில் வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், புரையேறும்.

பெரும்பாலான மீட்டர்களில் HI என்றால் சர்க்கரை 600-ஐத் தாண்டிவிட்டது. சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோதான் பெரும்பாலும் தொடக்கம். சர்க்கரை ஏற ஏற, சிறுநீர் வழியே உடம்பின் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. கேட்டுக் குடிக்கவும் மாட்டார்கள். உங்கள் அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் இன்சுலின் சுரப்பதால், கொழுப்பு கரைந்து உண்டாகும் கீட்டோன் என்ற அமிலம் அதிகம் சேராது. அதனால் வாந்தியோ மூச்சிரைப்போ இல்லாமல், சில நாட்களில் நாக்கு வறண்டு, பேச்சு குழறி, மயக்கம் வரும். வீட்டில் "காய்ச்சல் அசதி" என்று விட்டுவிடுவது இதனால்தான்.

மருத்துவமனையில் முதல் மருந்து சலைன். இழந்த நீர் 8 லிட்டர்கூட இருக்கலாம். முதல் மணி நேரத்தில் சுமார் 1 லிட்டர் ஏற்றுவார்கள். இதயம் பலவீனமென்றால் மெதுவாக. நீர் ஏறுமுன் இன்சுலின் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரியலாம். பொட்டாசியமும் குறையும், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இன்சுலினைச் சிறு அளவில் தருவார்கள். சர்க்கரையை வேகமாக இறக்கினால் மூளை வீங்கக்கூடும். "இன்னும் 400 இருக்கிறதே" என்று பதறாதீர்கள், மெதுவாக இறங்குவதே நல்லது.